தாள் இருந்தால் கண்ணாடியா?

போன வாரம் நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்விட்டு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மாவின் சிவப்புக்கல் அட்டிகையை நானும் தங்கையும் பிரித்துக்கொள்ள வேண்டும். விலை தெரிந்துகொள்ள ஒரு நகைக்கடைக்கு எடுத்துப்போனோம். கவுன்டரில் இருந்த பையன் திருப்பிப் பார்த்தான், ஓரத்தில் ஒரு கல்லை நகத்தால் நெம்பினான். "உள்ளே தாள் வெச்சிருக்கு சார், எல்லாம் கண்ணாடி. கல் எடை கழிச்சு தங்கத்துக்கு மட்டும் போடலாம்" என்றான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளர் பக்கத்திலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் சொல்கிறேன், இது தப்பு. தாள் இருப்பது போலிக்கு அடையாளமே இல்லை.

நம் ஊர்ப் பழைய கட்டட வேலையில் நல்ல கெம்புக்கும் அடியில் அரக்கு நிரப்பி, மேலே பளபளப்பான மெல்லிய தாள் வைத்து, அதன்மேல்தான் கல்லைப் பதித்துப் பின்பக்கத்தை மூடினார்கள். காரணம் எளிது. கல் மெல்லியது, தட்டையானது, வெளிச்சம் பின்னால் போய்விடும். தாள் அதைத் திருப்பி அனுப்பும். வடநாட்டுக் குந்தன் வேலையிலும் இதே முறைதான். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையைப் பாருங்கள், நாட்டியக்காரர்கள் போடும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் அந்தப் பாணிதான். அசலுக்குச் செய்ததைத்தான் கண்ணாடிக் கெம்புக்கும் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஸ்ட்ராஸ் என்பவர் ஈயக் கண்ணாடியில் வைரம் போலக் கல் செய்து பேர் வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கேயும் கண்ணாடிக்கும் தாள் உண்டு, ரத்தினத்துக்கும் தாள் உண்டு.

ஆகவே தாளை விட்டுவிட்டுக் கல்லைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, மகள் அரங்கேற்றத்துக்கு வாங்கிய நாட்டிய செட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதலில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். நாட்டிய செட்டின் கற்களில் விளிம்புகள் மழுங்கி, அச்சில் வார்த்த மிட்டாய் போல உருண்டிருந்தன. உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள். நேரே பார்த்தால் நல்ல சிவப்பு, சாய்த்து ஓரமாகப் பார்த்தால் வெளிறிவிட்டது. அதாவது நிறம் கல்லில் இல்லை, தாளில் இருக்கிறது. அட்டிகையில் பெரும்பாலான கற்களில் விளிம்பு கூராக இருந்தது. உள்ளே குமிழி இல்லை, மெல்லிய ஊசிகள் போலக் கோடுகள், கைரேகை மாதிரி மங்கல்.

அடுத்து, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச். விளக்கை அணைத்துவிட்டு அடித்தேன். பர்மா கெம்பு இதில் தணல் போலச் சிவந்து ஒளிரும். கண்ணாடி பெரும்பாலும் இருண்டே கிடக்கும். ஒளிராத நல்ல கெம்பும் உண்டு, குறிப்பாக இரும்புச்சத்து அதிகமுள்ள தாய்லாந்துக் கல். அதனால் ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. அட்டிகையின் 21 கற்களில் 17 ஒளிர்ந்தன, 4 ஒளிரவில்லை. அந்த நான்கிலும் லென்ஸில் குமிழி தெரிந்தது. எப்போதோ பழுது பார்த்தபோது விழுந்த கல்லுக்குப் பதில் வைத்த மாற்றுக்கல்.

கடைக்காரரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. "எங்க பாட்டி நகை, எல்லாம் அசல் பர்மா" என்று சாதிக்கும் நம் வீட்டு ஆட்களும் குற்றவாளிகள்தான். அம்மா மிகவும் பெருமைப்பட்ட நடுப்பதக்கக் கல் எல்லாவற்றையும்விடப் பலமாக ஒளிர்ந்தது. லென்ஸில் பார்த்தால் கிராமபோன் தட்டின் வரிகள் போல வளைந்த கோடுகள். செயற்கைக் கெம்பு! வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் உலையில் கெம்பு உருக்கும் முறையை வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த நகையில் பழமை மட்டும் சாட்சியாகாது. கடினத்திலும் அது அசலைப் போலவே இருக்கும், கீறிப் பார்த்துப் பயனில்லை. தங்கைக்கு முகம் வாடிவிட்டது, எனக்கும்தான்.

இன்னொன்று. அந்த அட்டிகையில் சில கற்கள் கறுத்துச் செத்துப்போய்த் தெரிந்ததும் பையனின் தீர்ப்புக்கு ஒரு காரணம். அது கல்லின் குறை இல்லை. வருஷா வருஷம் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். ஈரம் உள்ளே போய்த் தாள் கறுத்துவிட்டது. மூடிய கட்டடத்தைத் தண்ணீரில் போடாதீர்கள், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கடையில் "பிரிச்சுப் பார்க்கிறேன்" என்றாலும் கொடுக்காதீர்கள். அரக்கு விட்டால் பழைய தாள் கிழிந்துவிடும், அதே மாதிரி திரும்பக் கட்டத் தெரிந்த பத்தர் கிடைப்பது கஷ்டம்.

லென்ஸும் டார்ச்சும் கண்ணாடியை ஒதுக்கிக் காட்டும், அவ்வளவுதான். மூடிய கட்டடத்தில் வளைந்த கோடு எல்லாக் கல்லிலும் தெரியாது. மீதி 16 கற்களில் எத்தனை மண்ணில் விளைந்தவை என்பதை ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில்தான் கேட்க வேண்டும். அடுத்த மாதம் தங்கையோடு போகிறேன். அதுவரை அட்டிகை பீரோவில் இருக்கட்டும், அந்தக் கடையின் மதிப்பீட்டுச் சீட்டையும் கூடவே வைத்திருக்கிறேன்.