பெயர் போடாத கணக்கும் ஆளைக் காட்டிக் கொடுக்கும்

போன மாசம் நன்கொடைக் கணக்கு விஷயமா சில பேர் எங்களைக் கேட்டாங்க. "முன்னாடி விவரமா போடுவீங்களே, இப்ப ஏன் சுருக்கிட்டீங்க? எதையாவது மறைக்கிறீங்களா?" நியாயமான கேள்வி. தொண்டர்கள் நாங்க பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கோம்.

அறங்காவலர்களுக்கு மாசா மாசம் ஒரு அறிக்கை கொடுக்கிறோம். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எந்த வகையினர் கொடுத்தாங்க என்று இரண்டையும் சேர்த்து ஒரே கட்டத்தில் போடுவோம். பெயர் யாருடையதும் இருக்காது. பெயர் இல்லையே, பிறகு என்ன பயம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அது தப்பு என்று ஒரு அக்காவால்தான் புரிந்தது.

ஓய்வு பெற்றவர், தனியா இருக்கிறவர். திருப்பணிக்கு ஒரு பெரிய தொகையை யாருக்கும் சொல்லாம கொடுத்தார். அந்த மாச அறிக்கையில் "ஓய்வு பெற்றோர்" என்று ஒரு வரி வைத்திருந்தோம். திருப்பணிக்கு நேரா "1 நபர்" என்று போட்டு, பக்கத்தில் தொகை. அறிக்கை அறங்காவலர்களோட நிற்கவில்லை, கைமாறி வாட்ஸ்அப்புக்குப் போனது. நம்ம கோயில் சின்னது, யார் யார் ஓய்வு பெற்றவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் உறவுக்காரர் ஒருத்தர் கடன் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்துட்டார். அக்கா எங்களைத் திட்டவில்லை. "எனக்கும் சாமிக்கும் நடுவில இருந்ததை ஊருக்குச் சொல்லிட்டீங்களேப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வரியை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம், போதவில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறோம். தொகைகள் நிஜம் இல்லை, கணக்கு முறை நிஜம்.

திருப்பணியில் தனிநபர் 62 பேர் 9,300 வெள்ளி, நிறுவனங்கள் 7 சேர்ந்து 10,000 வெள்ளி, ஓய்வு பெற்றவர் ஒருத்தர் 5,000 வெள்ளி. மொத்தம் 24,300. இதில் 5,000-ஐ எடுத்துவிட்டு ஒரு கோடு போட்டோம் என்று வையுங்கள். மொத்தத்தில் இருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அதே 5,000 வந்து நிற்கும். சரி, நிறுவனத் தொகையையும் மறைப்போம் என்றால், அடுத்த வாசல் திறந்திருக்கு. ஓய்வு பெற்றோர் எல்லாத் திட்டத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது 6,500 என்று கடைசி வரியில் இருக்கிறது. அன்னதானத்துக்கு 900, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு 600 என்பதும் இருக்கிறது. கழித்தால் திரும்பவும் 5,000. வரிசை மொத்தமும் பத்தி மொத்தமும் இருக்கிற வரை, ஒரு கட்டத்தை மட்டும் மறைப்பது வெறும் கண்துடைப்பு.

எங்களில் சிலர் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவங்க. ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் ரிஜெக்ட் எண்ணிக்கையை லைன் வாரியா போடுவோம், ஆள் வாரியா போட மாட்டோம். ஆனா ஒரு லைனில் ஒரே ஆபரேட்டர்தான் நின்றார் என்றால், லைன் பெயரே ஆள் பெயர் ஆகிவிடும். அதே கதைதான் இங்கேயும்.

அதனால் மூன்று காரியம் செய்தோம்.

முதலாவது, "ஓய்வு பெற்றோர்" என்ற வகையையே எடுத்துவிட்டு, தனிநபரோட சேர்த்துவிட்டோம். மேலே சொன்ன கணக்கில் திருப்பணிக்குத் தனிநபர் 63 பேர், 14,300 வெள்ளி என்று வரும். எந்த மொத்தமும் மாறாது, எதைக் கழித்தாலும் அக்கா தெரியமாட்டார். அறங்காவலர்கள் எடுக்கிற எந்த முடிவுக்கும் வயசு தேவைப்பட்டதில்லை. சும்மா விவரமா இருக்கட்டும் என்று நாங்க சேர்த்த வரி அது. இப்போது தனிநபர், நிறுவனம், உண்டியல் என்று மூன்றே வகை.

இரண்டாவது, எந்தக் கட்டத்திலும் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டத்தைத் தனியாகப் போடுவதில்லை. ஏன் 2 போதாது? இரண்டு பேர் கொடுத்திருந்தால், ஒருத்தர் தன் தொகையைக் கழித்து மற்றவர் தொகையைக் கண்டுபிடித்துவிடுவார். 5 என்பது நாங்க வைத்துக்கொண்ட எல்லை. திட்டம் ரொம்பச் சின்னது, ஒரு மாசத்தில் மொத்தமே மூன்று பேர்தான் கொடுத்தார்கள் என்றால், மூன்று மாசத்தைச் சேர்த்து ஒரே தொகையாகப் போடுகிறோம். அந்தத் திட்டத்துக்கு "இதுவரை மொத்தம்" என்ற எண்ணையும் மாசா மாசம் மாற்றுவதில்லை. மாற்றினால் போன மாசத்தைக் கழித்து இந்த மாசத்தைப் பிடித்துவிடலாம்.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல் பொருளாளர் கையிலும் கணக்காய்வாளர் கையிலும் மட்டும்தான். வரிவிலக்கு ரசீது கொடுக்கிற அமைப்புகள் பெயரும் ஐசி நம்பரும் வாங்கித்தான் ஆகணும். க்யூஆர் வழியாகப் பணம் வந்தால், "பெயர் வேண்டாம்" என்று சொன்னவர் பெயரும் பேங்க் ஸ்டேட்மென்டில் வந்து நிற்கும். அதனால் ஸ்டேட்மென்டைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டோம்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிகத் தொடர்புகளுக்கான சட்டம். கோயில் நன்கொடைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்லணும். ஆனாலும் ஒருவருடைய மத நம்பிக்கையை நோய் விவரத்தைப் போலவே கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவலாக அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. கோயிலில் இருக்கிற பெயர்ப் பட்டியல் ஒவ்வொன்றும் மதத்தைச் சொல்கிற பட்டியல்தானே.

"அப்போ ஏமாற்றினால் எப்படித் தெரியும்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். சரியான கேள்வி. பினாங்கில் இந்து அறக்கொடைகளைக் கவனிக்க 1906-லேயே சட்டம் வந்தது. கோயில் காசுக்குக் கணக்கு கேட்பது இங்கே புதுசு இல்லை. பெயரைக் குறைத்தோம், சரிபார்ப்பைக் குறைக்கவில்லை. அறிக்கையில் மாசத்தின் முதல் ரசீது எண்ணும் கடைசி எண்ணும் இருக்கும். ரத்தான ரசீதுகளின் எண் இருக்கும். உண்டியல் எண்ணிய நாளும், எண்ணினது எத்தனை பேர் என்பதும், பேங்கில் போட்ட தொகையும் இருக்கும். ரசீது எண்ணில் நடுவில் ஒன்று விட்டுப்போனாலோ, போட்ட தொகை மொத்தத்தோடு ஒட்டாவிட்டாலோ யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்க கையில் இருக்கிற ரசீது எண் அந்த வரிசைக்குள் வருதா என்று நீங்களே பாருங்க. வரவில்லை என்றால் பொருளாளரிடம் வாங்க.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு திட்டத்தின் பாதிப் பணம் ஒரே இடத்தில் இருந்து வருகிறது என்றால், அறங்காவலர்களுக்கு அது தெரியணும். அந்த ஒருத்தர் நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். அதைப் பொருளாளர் கூட்டத்தில் வாயால் சொல்கிறார், பெயர் இல்லாமல். காகிதத்தில் வராது. இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்க.

பெயர் பலகையில் வரணும் என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ரசீதில் இப்போது ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். பெயர் போடலாம் என்று டிக் செய்தால் போடுவோம். காலியாக விட்டால் போட மாட்டோம்.

அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாம வருகிறார். உண்டியலில்தான் போடுகிறார், ரசீது கேட்பதில்லை. இனி எங்க கணக்கில் அவர் வரவே மாட்டார். அந்த வருத்தம் எங்களுக்கு இருக்கு.