திருத்தம் வேறு, புது வேலை வேறு

சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கும் ஸ்ரீ சிட்டி ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் திருவள்ளூர் மாவட்டம். அதனால் ஆரம்பாக்கத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் வீட்டில் உட்கார்ந்தபடியே அங்குள்ள ஆலைகளுக்கும் அவற்றின் வெண்டர்களுக்கும் வேலை செய்து கொடுக்க முடிகிறது. பாதுகாப்புப் பலகை, பயிற்சிக் கையேடு, சிறு வீடியோ என்று பல வேலைகள். இப்படி இறங்கும் ஃப்ரீலான்சருக்கு மூத்தவர்கள் சொல்லும் புத்தி ஒன்றுதான்: “கேட்ட கரெக்‌ஷனையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்து கொடு. காசு லேட்டானாலும் வந்துவிடும். பி.ஓ. இல்லாமல் நம்மால் என்ன செய்ய முடியும்? அதுவும் கம்பெனி ஆந்திராவில்.”

நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் தவறு.

முதல் வரியிலிருந்தே வருகிறேன், கேடு அங்கேதான் அதிகம். திருத்தம் ஒரு தொல்லை, பணத் தாமதம் இன்னொரு தொல்லை என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே கயிறு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006, பணம் தரவேண்டிய கெடுவை வேலை ‘ஏற்கப்பட்ட நாளிலிருந்து’ எண்ணுகிறது. வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாள். ஆட்சேபம் சொன்னால், அதைச் சரிசெய்து கொடுத்த நாள்தான் ஏற்ற நாள். ஆகவே கிளையண்ட் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘ஆட்சேபம்’ என்று நீங்களே ஒப்புக்கொண்டால், உங்கள் பணத்தின் கெடுவை நீங்களே தள்ளி வைக்கிறீர்கள்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி வடிவமைப்பாளர் ஒருவர், தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் 24 பாதுகாப்புப் பலகைகளை 60,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார். பணம் எப்போது என்று பேசவில்லை. ஜூன் 2 அன்று எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார். ஜூன் 9 அன்று, நான்காம் பலகையில் லோகோ தப்பு என்று மெயில் வருகிறது. அது நியாயமான ஆட்சேபம். ஜூன் 12 அன்று சரிசெய்து அனுப்புகிறார். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. தேதி எதுவும் பேசாத வேலைக்குக் கெடு 15 நாள் என்பதால், ஜூன் 27-க்குள் பணம் வந்திருக்க வேண்டும். 28-ம் தேதி முதல் வட்டி ஓடும்.

ஆனால் ஜூன் 25 அன்று இன்னொரு மெயில்: “ஒடியாவும் சேர்த்துடுங்க, அப்படியே சைஸையும் பெருசாக்கிடுங்க.” இது குறை சொல்வதல்ல, புது வேலை. நம் ஆட்கள் இங்கேதான் வழுக்குவார்கள். “நீங்கள் சொன்னபடி திருத்தி அனுப்பியிருக்கிறேன், சரிபார்த்து ஓகே சொல்லுங்கள்” என்று பதில் போடுவார்கள். பணிவான வரிதான். ஆனால் முதல் வேலை இன்னும் முடியவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சியாகவும் அது ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “24 பலகை வேலை ஜூன் 12-ல் முடிந்தது, அதற்கான பில் இணைப்பில் உள்ளது. ஒடியாப் பதிப்பும் புது அளவும் தனி வேலை. அதற்கான தொகையும் நாளும் கீழே. உங்கள் சம்மதம் வந்ததும் தொடங்குகிறேன்.” குரலில் கடுமை இல்லை. பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும்.

இப்படிப் பிரிக்க முடிய வேண்டுமானால், முதலில் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை பலகை, எந்த மொழிகள், என்ன அளவு, எத்தனை சுற்றுத் திருத்தம் என்று நான்கு வரி போதும். வேலையைத் தொடுவதற்கு முன் அதை மெயிலில் அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிவிடுங்கள்.

அந்த “சரி” போதுமா, பி.ஓ. வேண்டாமா என்று கேட்பார்கள். பி.ஓ. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உரிமை போய்விடாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மெயில் பரிமாற்றமே ஒப்பந்தமாகும் என்று 2010-ல் டிரைமெக்ஸ், வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது. பணத்துக்காக வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் “அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறோம்” என்று எழுத்தில் வரும் பதில், கடனை அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகி, அந்த அவகாசத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும் வலு உள்ளது. எரிச்சலில் அந்த வாட்ஸப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

வெண்டர்கள் சொல்லும் இன்னொரு காரணம், “மேலே கம்பெனியிலிருந்து இன்னும் பணம் வரல” என்பது. உங்களிடம் வேலை வாங்கியவர் வெண்டர். தர வேண்டியவரும் அவரே. “60 நாள் கெடு” என்று அவர்களுடைய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 2006-ம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 16.5 சதவீதம். நம் வடிவமைப்பாளரின் 60,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் சுமார் 5,100 ரூபாய்.

ஆந்திராவுக்கு யார் அலைவது என்ற பயமும் வீண். இந்தச் சட்டத்தின் 18-ம் பிரிவு, வேலை செய்து கொடுத்தவர் இருக்கும் ஊரின் வசதி மன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. கும்மிடிப்பூண்டிக்காரர் தமிழ்நாட்டு மன்றத்தில் மனுப் போடலாம், அதுவும் இணையம் வழியாகவே. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து கிளையண்ட் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். தவிர, 2024 ஏப்ரல் 1 முதல் 43பி(எச்) என்ற பெயரில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் ஆலையின் கணக்குப் பிரிவுக்கு இதை மரியாதையாக நினைவூட்டி ஒரு மெயில் போடுங்கள். கிளையண்டைப் பகைக்காமல் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மன்றம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். கிளையண்ட் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் இந்த வழியே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களிடம் உத்யம் பதிவு இருக்க வேண்டும். அது தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் பலர். சேவை செய்யும் தனி ஆளும் பதியலாம். ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிந்தவருக்கு அந்த வேலைக்கு இந்தச் சட்டத்தின் பலன் இல்லை என்று 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் இன்னொரு அமர்வு அதில் ஐயம் எழுப்பிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருந்தாலும், அதை நம்பி இருந்துவிட வேண்டாம். ஆதாரும் பான் எண்ணும் கையில் இருந்தால் இன்றே பதிந்துவிடலாம், கட்டணம் கிடையாது. அடுத்த வேலைக்கு “சரி” சொல்வதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.