முத்துநகரில் ஒரு பெயர்ப் பலகை

தூத்துக்குடியிலிருந்து இரண்டு ஓரகத்திகள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். மூத்தவர் வீட்டு உள்ளலங்காரத்தில் டிப்ளமா பெற்றவர். இளையவர் கட்டடக் கலைப் பட்டதாரி; முறைப்படி பதிவும் செய்துகொண்டவர். இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்குகிறார்கள். மில்லர்புரத்தில் ஒரு வீட்டுக் கூடம், ஊருக்குள் ஒரு பழைய வீட்டின் சமையலறை, ஒரு பல் டாக்டரின் அறை என்று மூன்று வேலைகளை முடித்து, படம் எடுத்து, ஓர் ஆல்பமும் தயாராக வைத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் அதை 'போர்ட்ஃபோலியோ' என்பார்கள். அட்டையில் அச்சிடப் பெயர்தான் இல்லை. 'முத்து இன்டீரியர்ஸ்', 'பேர்ல் சிட்டி ஆர்க்கிடெக்ட்ஸ்', 'ஆர். எஸ். ஸ்டூடியோ' என்று மூன்று எழுதி, இவற்றில் எது உசிதம் என்று கேட்கிறார்கள்.

மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கடலில் குறைந்த முத்து, பலகைகளில் மட்டும் குறையவே இல்லை! லாட்ஜும் முத்து, டிராவல்ஸும் முத்து, ஜவுளிக்கடையும் முத்து. ஊரைச் சொல்கிற பெயர் உங்களைச் சொல்லாது. சட்டத்திலும் இதற்கு ஒரு சங்கடம் உண்டு. 1999-ம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி, ஊரையோ சரக்கின் குணத்தையோ மட்டும் குறிக்கிற பெயரைத் தனக்கே உரியது என்று பதிவு செய்துகொள்வது கடினம். பல காலம் புழங்கி, அந்தப் பெயர் உங்களையே குறிக்கிறது என்று ஜனங்களிடம் நிலைத்தால்தான் உண்டு.

'ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற சொல் அதைவிடப் பெரிய வம்பு. 1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-வது பிரிவு, பதிவு செய்துகொள்ளாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது. 'தங்கைதான் பதிவு செய்திருக்கிறாளே' என்று மூத்தவர் சொல்லலாம். கூட்டு நிறுவனமானால் பங்காளிகள் அத்தனை பேரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே இளையவர் தம் வரைபடத்தில் தம் பெயருக்குக் கீழே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். இருவரும் பங்காளிகளாக இருக்கும் நிறுவனத்தின் பெயரில் அந்தச் சொல் வரக்கூடாது. அப்படியானால் மூத்தவர் வேலையே செய்யக் கூடாதா என்று பயப்பட வேண்டாம். இந்தச் சட்டம் தடுப்பது பட்டத்தைத்தான், வேலையை அல்ல என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

'ஆர். எஸ்.' என்ற எழுத்துக்கள் இருவருடைய பெயரின் முதலெழுத்தாம். நாளைக்கு ஒருவர் கணவரின் வேலை மாற்றலில் சென்னைக்குப் போய்விட்டால் அந்த எழுத்தை என்ன செய்வது? ஆள் போன பிறகும் பெயர் ஓடிய கதைகள் இல்லாமலில்லை. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பல ஆண்டுகள் தொழில் நடத்தியது 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' என்ற பெயரில். மூன்று பெயரில் ஒன்றுகூட அவருடையதல்ல! ஆனால் அது கொழும்பில் முன்பே பேர் பெற்ற நிறுவனம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டு வெறும் எழுத்துக்கள் எதையும் சம்பாதித்துத் தராது. ஸ்டூடியோ என்று மட்டும் பலகையில் கண்டால் பாஸ்போர்ட் படம் எடுக்க ஆள் வந்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எங்கே தேடுவது? ஆல்பத்திலேயே தேடுங்கள். கேரளத்தில் வினு டானியல் என்ற கட்டடக் கலைஞரின் நிறுவனத்துக்கு 'வால்மேக்கர்ஸ்' என்று பெயர். அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலை வெறும் காம்பவுண்டுச் சுவர். அதைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர் அது. பிற்பாடு முழு வீடுகளே கட்டினார்கள். பெயர் ஏன் பொய்யாகவில்லை? மண்ணாலும் கழிவுப் பொருளாலும் எழுப்புகிற சுவர்தான் அவர்கள் வீடுகளில் இன்றும் கண்ணில் படுகிற விசேஷம்.

சகோதரிகள் தங்கள் படங்களையும் அனுப்பியிருந்தார்கள். மூன்று வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கண்ணில் படுகிற பொருளை மட்டும் எழுதிப் பார்த்தேன். 'நேர்த்தி', 'எளிமை' போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டேன். அவை எல்லோருக்கும் பொருந்தும். மூன்றிலும் வந்தவை இரண்டே: சுவரில் குடைந்த மாடம், வழவழவென்று தேய்த்த வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. உப்புக் காற்று வீசுகிற ஊரில் இந்தப் பூச்சு வெறும் அழகு அல்ல. சிமெண்டுப் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். நாளடைவில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். இவர்களுடைய பாணி அதுதான்.

'மாடம்' என்று வைக்கலாமா? தமிழில் அருமையான சொல். ஆங்கில எழுத்தில் போட்டாலோ எல்லோரும் 'மேடம்' என்று படிப்பார்கள்! 'சுண்ணாம்பு' என்றால், ஒரு கண்ணுக்கு வெண்ணெய் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று மைத்துனர்களே கேலி செய்வார்கள். 'சாந்து' நன்றாக இருக்கிறது. பூச்சும் சாந்து, நெற்றிக்கு இடுவதும் சாந்து. ஆனால் ஆங்கிலத்தில் Santhu என்றால் 'சந்து' ஆகிறது. Sandhu என்றால் பஞ்சாபிக்காரர் பெயராகிறது. 'வெண்சாந்து' என்றால் இந்தத் தொல்லை தீர்கிறது. வேறொன்றாகப் படிக்க வழியில்லை. அவர்களுடைய சுவரும் வெள்ளைதானே.

அதையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்கு டெலிபோனில் ஒரே முறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் சில்லறைக் கடைக்காரரும் வங்கிக் குமாஸ்தாவும் தப்பாகத்தான் எழுதுவார்கள். பிறகு ஆல்பத்தைத் திறந்து, பெயருக்கு அடுத்த முதல் படம் எது என்று பாருங்கள். அட்டையில் 'வெண்சாந்து' என்று போட்டு, உள்ளே பளபளக்கும் சிவப்பு லாமினேட் சமையலறை இருந்தால் பார்க்கிறவர் எதை நம்புவார்? இவர்கள் ஆல்பத்தில் மில்லர்புரத்துக் கூடம் முதலில் வரட்டும். சமையலறைப் படங்களில் சுவர் தெரிகிறது ஒன்று போதும்.

இந்தப் பெயரில் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கவில்லை. பூச்சு வேலைக் காண்டிராக்டர் என்று நினைத்து ஆள் வரலாம். அதனால் கீழே சிறிய எழுத்தில் 'வீட்டு உள்ளமைப்பு, தூத்துக்குடி' என்று ஒரு வரி சேருங்கள். ஊர்ப் பெயருக்கு இடம் அந்த வரிதான். நாளைக்குத் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் வேலை வந்து ஓர் அறை திறந்தால் அந்த வரியை மட்டும் மாற்றினால் ஆயிற்று. இன்னும் ஐந்து வருஷத்தில் மரப்பலகை அடைத்த அறைகளும் பொய்க்கூரைகளும்தான் செய்யப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால், இந்தப் பெயரை இப்போதே விட்டுவிடுவது மேல்.

பலகை எழுதுகிறவருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் 42-வது வகுப்பில் இதே பெயர் அல்லது இதேபோல் ஒலிக்கிற பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டடக் கலையும் உள்ளலங்காரமும் அந்த வகுப்பில்தான் வருகின்றன. தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. நியூமராலஜி பார்க்கிற மாமியார் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னால், கூட்டிய எழுத்தோடு மறுபடியும் தேடுங்கள். டெலிபோன் சோதனையையும் மறுபடி செய்யுங்கள்.

பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்கட்டும். இரும்பு எழுத்து மட்டும் வேண்டாம். உங்கள் ஊர்க் காற்றில் அது துருப்பிடித்து, அந்த வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடாக வழியும். மரத்தில் எழுதச் சொல்லுங்கள்.