ஞாயிறு வேலைக்கு மார்கழியில் கணக்கா?

மார்கழி மாதம் வந்தால் கடைகளில் வேலை செய்யும் எமது பிள்ளைகள் ஒரு கணக்கை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். வருடம் முழுக்க லீவு நாளில் வேலை செய்ததற்கு முதலாளி எழுதி வைத்த நாட்களின் கணக்கு அது. "இத்தனை நாள் நின்றாய், பதில் லீவு எடுக்கவில்லை, இந்தா அதற்கான காசு" என்று ஒரு கடித உறை கைக்கு வரும். வாங்குகிறவருக்கும் சந்தோஷம், கொடுக்கிறவருக்கும் பெருமை. அந்த உறைக்குள் இருப்பது முழுக் காசுதானா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் இந்த முறை பேச விரும்புகிறோம்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் கடைக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1958இலும் 1977இலும் அடிபட்டு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கொழுந்துக் கூடை சுமப்பதில்லை. ஸ்கந்தபுரத்தில் இருந்து காலை பஸ் பிடித்துக் கிளிநொச்சியில் புடவைக்கடைக்கும் வன்பொருள் கடைக்கும் போகிறார்கள். தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். நாங்கள் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இவர்கள். ஆகவே இந்தக் கணக்கும் எங்கள் கணக்குத்தான்.

கடைக் கொப்பியில் "லீவு நாள் வேலை" என்று ஒரே தலைப்பு இருக்கும். பொங்கலன்று நின்றது, போயாவுக்கு நின்றது, ஞாயிற்றுக்கிழமை நின்றது எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். பிழை அங்கேதான் தொடங்குகிறது. சட்டத்தில் இவை மூன்றும் மூன்று வகை.

முதலாவது, சட்டப்படியான விடுமுறை நாள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதன் கீழ் வருடத்தில் எட்டு நாட்கள் சம்பளத்தோடு லீவு: தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரை வருடப்பிறப்பு, அதற்கு முதல் நாள், மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், நபிகள் பிறந்த தினம், நத்தார். இந்த நாட்களில் ஒருவரை வேலைக்கு எடுத்தால் முதலாளிக்கு இரண்டு வழிகள் உண்டு. அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதிக்குள் சம்பளத்தோடு ஒரு பதில் லீவு கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். வருட முடிவில் லீவைக் காசாக மாற்றும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இருக்கிற வேர் இதுதான்.

தீபாவளி அந்த எட்டில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். அரசாங்க அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அது லீவு. கடைக்கு அல்ல. தீபாவளியன்று நின்றதற்குப் பதில் லீவு கேட்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. அந்த நாளுக்கு வீட்டில் இருக்க வேண்டுமானால் தங்கள் சொந்த லீவில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைப்பதுதான் வழி.

இரண்டாவது, போயா. அதற்கு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறை தினங்கள் சட்டம். அன்று வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம். அதை அந்த மாதச் சம்பளத்தோடு தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, கிழமை லீவு. இங்கேதான் எமது பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். கடைச் சட்டப்படி ஒருவருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு எட்டாகவும் சனி மத்தியானம் வரை ஐந்துமாக அந்த 45 மணி முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஞாயிறன்று நிற்கும் ஒவ்வொரு மணியும் மேலதிக நேரம். அதற்குச் சட்டம் சொல்வது ஒன்றரை மடங்கு காசு. அந்தக் காசு மாதச் சம்பளத்தோடு வர வேண்டியது. மார்கழி வரை கொப்பியில் தூங்க வேண்டியது அல்ல.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,200 ரூபாய். வருடத்தில் பொங்கல், மே தினம், நத்தார் என்று மூன்று நாளும், பத்து ஞாயிற்றுக்கிழமையும் எட்டு மணி நேரப்படி நின்றிருக்கிறார். பதில் லீவு ஒன்றும் எடுக்கவில்லை. முதலாளி பதின்மூன்று நாளையும் ஒன்றாகக் கூட்டி, நாளுக்கு 1,200 போட்டு, 15,600 ரூபாயை உறையில் வைத்துக் கொடுக்கிறார்.

இப்போது பிரித்துப் பார்ப்போம். பொங்கல், மே தினம், நத்தார் மூன்றுக்கும் மாதச் சம்பளத்துக்குள் ஒரு நாள் காசு ஏற்கெனவே வந்துவிட்டது. இரட்டைச் சம்பளம் ஆவதற்குக் குறைந்தது இன்னொரு நாள் காசு வர வேண்டும். மூன்று நாளுக்கு 3,600 ரூபாய். இதில் முதலாளியின் கணக்குச் சரி.

ஞாயிறுக்கு வருவோம். கடை ஊழியரின் மணிக் கூலியைக் கணக்கிட மாதச் சம்பளத்தை 240ஆல் வகுப்பது வழக்கம். 36,000ஐ வகுத்தால் 150. ஒன்றரை மடங்கு 225. எட்டு மணிக்கு 1,800 ரூபாய். பத்து ஞாயிறுக்கு 18,000. முதலாளி கொடுத்தது 12,000. மொத்தமாக வர வேண்டியது 21,600, வந்தது 15,600. அந்த உறைக்குள் 6,000 ரூபாய் குறைவு. அதோடு, தை மாத ஞாயிறுக்கான காசு பதினொரு மாதம் முதலாளியின் கையில் வட்டி இல்லாமல் நின்றிருக்கிறது. வீட்டில் அம்மா கிழமைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மகள் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறாள்.

கொப்பியில் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஞாயிறுக்கும் மே தினத்துக்கும் ஒரே தொகை போட்டிருந்தால் பிழை. சம்பளச் சீட்டில் மேலதிக நேரம் என்ற வரி வருடம் முழுக்க வெறுமையாக இருந்தால் பிழை. திகதி இல்லாமல் "13 நாள்" என்று மொத்தம் மட்டும் எழுதியிருந்தால், அது எந்த நாள் என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. அதைவிட மோசம், ஐப்பசியில் வேலையை விட்டுப் போகிறவருக்கு "வருடம் முடியவில்லை" என்று ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது. வேலையை விட்டவருக்குப் பதில் லீவு கொடுக்க இனி நாளே இல்லை. ஆகவே அவர் போகும் அன்றே அந்தக் காசு தீர வேண்டும் என்பதுதான் எமது நிலைப்பாடு.

இவ்வளவும் காசைப் பற்றி. ஆனால் கிழமை லீவு காசுக்காக வந்தது அல்ல. தோட்டத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் பொருந்தும் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். கிழமை லீவில் வேலை வாங்கினால் அடுத்த ஆறு நாட்களுக்குள் பதில் லீவு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆறு நாள் என்று வைத்ததில் ஒரு நியாயம் உண்டு. இந்தக் கிழமை இழந்த ஓய்வை இந்தக் கிழமையை ஒட்டியே எடுத்தால்தான் உடம்பு தேறும். சர்வதேசத் தொழில் நிறுவனம் 1957இல் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செய்த 106ஆம் இலக்கச் சமவாயமும், தற்காலிகமாக ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதே அளவு ஓய்வைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. இழந்த ஓய்வுக்கு ஈடு ஓய்வுதான் என்பது அதன் பொருள்.

"எங்களுக்கு லீவு வேண்டாம், காசுதான் வேண்டும்" என்று பிள்ளைகளே சொல்வதும் எங்களுக்குத் தெரியும். கடன் இருக்கிற வீட்டில் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தோட்டத்திலும் ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் ஆசைக்காகப் போகவில்லை. ஆனால் லீவா காசா என்று தெரிவு செய்வது தொழிலாளியாக இருக்க வேண்டும். இப்போது நடப்பது அது அல்ல. லீவு கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்று ஆடியில் சொல்வார்கள், ஐப்பசியில் சொல்வார்கள். மார்கழியில் நத்தார் வியாபாரம், அதைத் தொட்டுப் பொங்கல் வியாபாரம். அந்த நேரத்தில் எந்தப் புடவைக்கடையும் ஓர் ஆளை விடாது. ஆகக் கடைசியில் மிஞ்சுவது காசு மட்டும்தான். மூன்று நாள் சேர்த்து எடுத்து ஹட்டனில் இருக்கும் பாட்டியைப் பார்த்து வரலாம் என்று நினைத்த பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

ஆகவே எமது கோரிக்கை மூன்று. ஞாயிறு, போயா, சட்ட விடுமுறை மூன்றுக்கும் கொப்பியில் தனித்தனி நிரல் வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் திகதியும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும். ஞாயிறு, போயாக் காசு அந்தந்த மாதச் சம்பளத்தோடு வர வேண்டும். சட்ட விடுமுறைக்கான பதில் லீவை ஒரு மாதத்துக்குள் திகதி குறித்துக் கொடுக்க வேண்டும். டிசம்பர் 31 என்பது சட்டம் போட்ட கடைசி எல்லை, முதலாளி காத்திருக்க வேண்டிய நாள் அல்ல.

முதலாளி கொப்பி தராவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஒரு கொப்பி வைக்கட்டும். திகதி, வந்த நேரம், போன நேரம், என்ன நாள் என்ற நான்கும் போதும். தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாட்டோடு போகும்போது அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சங்கத்துக்கு வருகிறவர்களும் அந்தக் கொப்பியோடு, சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் எடுத்து வரவும். கணக்கை நாங்கள் உடன் இருந்து போட்டுத் தருவோம்.