ஏழு புள்ளிக்கு ஐந்து மார்க், நான்கு புள்ளிக்கு இரண்டா?

ப்ளஸ் ஒன் கணக்கில் இந்த இடைநிலை வாத்தியாருக்கு என்ன வேலை என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

பேத்தி டெஸ்ட் பேப்பரோடு வந்தாள். y = 3 − 2^(x−1) என்ற அடுக்குக்குறிச் சார்புக்கு வரைபடம் வரைய வேண்டும். அவள் நான்கு புள்ளிதான் வைத்தாள். 'அட்டவணை போதாது' என்று ஐந்துக்கு இரண்டு மார்க். பக்கத்து இருக்கைப் பிள்ளை −3 முதல் 3 வரை ஏழு புள்ளி வைத்து முழு மார்க் வாங்கியிருக்கிறது. அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை x = −3க்கு 2.9375, x = −2க்கு 2.875 என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. பிறகு ஒரு தசமத்துக்குச் சுருக்கியதில் இரண்டுமே 2.9 ஆகிவிட்டன. உடனே ஸ்கேலை வைத்து 2.9இலேயே இடப்பக்கம் ஒரு நேர்கோடு! இந்த வளைகோட்டில் நேர்கோடு எங்கே வந்தது? இடப்பக்கம் போகப் போக அது 3ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடவே தொடாது. ஏழு புள்ளி வைத்தும் அது தெரியவில்லை.

பேத்தி முதலில் y = 3இல் புள்ளிக்கோடு போட்டாள். அதுதான் தொலைத்தொடுகோடு. 2^(x−1) எவ்வளவு சிறுத்தாலும் பூஜ்யம் ஆகாது, ஆகவே 3இலிருந்து ஏதாவது கழிந்துகொண்டே இருக்கும், வளைகோடு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அடுத்து, 2^xஇல் எல்லோருக்கும் தெரிந்த நான்கு புள்ளிகளை எடுத்தாள்: (−1, ½), (0, 1), (1, 2), (2, 4). அடுக்கில் x−1 இருப்பதால் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினாள். (இடப்பக்கம் நகர்த்துவோர்தான் அதிகம். அடுக்கு 0 ஆக x எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள், 1 என்று தானே வரும்.) கழித்தல் குறிக்காகத் தலைகீழாக்கி, கடைசியில் 3 மேலே ஏற்றினாள். கிடைத்தவை (0, 2.5), (1, 2), (2, 1), (3, −1). ஏற்றிவிட்டுத் தலைகீழாக்கியிருந்தால் தொலைத்தொடுகோடு −3க்குப் போயிருக்கும். அவள் வரிசை தவறவில்லை.

வளைகோடு x அச்சை எங்கே வெட்டுகிறது என்று துல்லியமாகக் கேட்டால் இந்தப் படம் போதாது, ஒப்புக்கொள்கிறேன். 2க்கும் 3க்கும் நடுவே என்றுதான் சொல்லும், 2.58 என்று சொல்ல மடக்கை வேண்டும். ஆனால் ஏழு புள்ளி வைத்தவருக்கும் அதே கதிதான்.

உங்களில் கணக்கு ஆசிரியர்களாக இருப்பவர்கள் நாளைக்கே இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். x = −10இல் கோடு எங்கே நிற்கும் என்று கேளுங்கள். அட்டவணை போட்ட பிள்ளை என்ன சொல்கிறது, புள்ளிக்கோடு போட்ட பிள்ளை என்ன சொல்கிறது என்று கீழே எழுதுங்கள்.