கொமட் இருக்கை: வாங்குமுன் இரண்டு அளவுகள்

கம்பளைக் கடைகளில் கொமட் இருக்கை கேட்டால், “வட்டமா, நீளமா?” என்பார்கள். அது பாதிக் கேள்விதான். பழைய இருக்கையைக் கழற்றி, பின்புறத்து போல்ட் துளைகள் இரண்டின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை முதலில் அளக்க வேண்டும். அமெரிக்க முறையில் அது வட்டத்துக்கும் நீளத்துக்கும் ஒன்றே: 5½ அங்குலம். வேறு நாட்டுக் கொமட்டுகளில் 6 அங்குலத்தையும் தாண்டலாம்.

அடுத்து, துளைகளுக்கு நடுவிலிருந்து முன்விளிம்பு வரை அளக்க வேண்டும். அமெரிக்க வகையில் ஏறத்தாழ 16½ அங்குலமெனில் வட்டம். 18½ எனில் நீளம்.

6 அங்குலத் துளைகளில் 5½ அங்குல இருக்கையை வலிந்து பொருத்தினால் போல்ட்டுகள் சாய்ந்து நிற்கும், இருக்கை ஆடும், நாளடைவில் பிணைச்சல் உடையும். பெட்டியின் மேல் இவ்விரு அளவுகளும் இல்லையேல் வாங்காதிருப்பதே நன்று.