பெட்டிச் சாவியும் பேரேடும்

சிறு மண்டிக்கடையில் பணம் வாங்குவதும், ரசீது கொடுப்பதும், பேரேடு எழுதுவதும், பாங்கியில் கட்டுவதும் ஒரே குமாஸ்தாதான். இரண்டாவது ஆளை வைக்க வருமானம் இடங்கொடாது. முதலாளி என்ன செய்வார்?

முதலில் ஆபத்து நேரும் விதத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமை ஹோட்டல்காரர் பழைய பாக்கிக்காக 5,000 ரூபாய் செலுத்துகிறார். குமாஸ்தா அதைத் தம் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். வியாழனன்று மளிகைக்காரர் கொடுத்த 5,000 ரூபாயை ஹோட்டல்காரர் பெயரில் வரவு வைக்கிறார். அடுத்த வாரம் மற்றொருவர் பணம் மளிகைக்காரர் பெயருக்குப் போகிறது. பேரேடும் பாங்கிக் கணக்கும் ஒரு பைசாவும் பிசகாமல் ஒத்திருக்கும்! மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை.

குட்டு வெளிப்படுவது தேதியில்தான். ரசீதின் அடிக்கட்டையில் திங்கள், பேரேட்டில் வியாழன். ஆகவே வாரந்தோறும் முதலாளியே சில ரசீதுகளை எடுத்து, பெயர், தேதி, தொகை மூன்றையும் ஒத்துப் பார்க்கவேண்டும். மாத முடிவில் பாக்கி விவரத்தை வாடிக்கைக்காரர்களுக்குத் தாமே அனுப்பவேண்டும். ரசீதில்லாமல் வாங்கிய பணமும் அப்போது தெரிந்துவிடும். வருஷத்தில் ஒரு வாரம் குமாஸ்தாவுக்குக் கட்டாய லீவு கொடுத்து வேறொருவரை எழுதச் செய்தால், சங்கிலி அறுந்துபோகும்.

பில் போடாத ரொக்க விற்பனை மட்டும் இவற்றில் அகப்படாது. அதற்குச் சரக்கை எண்ணிப் பார்ப்பதே வழி.

இதில் குமாஸ்தாவுக்கு அவமானம் ஒன்றுமில்லை. பணம் குறைந்தால் முதற்பழி அவர்மேல்தானே விழும்? அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சி, முதலாளி பார்த்துக் கையெழுத்திட்ட அந்த அடிக்கட்டைகளே.